ரிக் ஒரு பக்கம் இறங்குதா? கல் தளத்தில் எங்கே பிழை என்று அறிகுறி வாரியாகப் பார்ப்பது

பந்திங், தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவு என்று கோல லங்காட் கரையோரம் முழுக்க ஒரே கதைதான். செம்பனையை வெட்டி எடுத்த நிலம், மேலே காய்ந்த தோல் மாதிரி கொஞ்சம் இறுகின மண், அதற்குக் கீழே கடற்கரைக் களிமண். அதன் மேல் கிரஷர் ரன் என்ற உடைத்த கல்லைக் கொட்டி, உருட்டி, பைலிங் ரிக்கை ஏற்றுகிறோம். பிறகு போன் வருகிறது: “அண்ணே, இடது டிராக் இறங்குது, இன்னும் ரெண்டு லோரி கல்லு போடவா?”

கல் போடலாமா கூடாதா என்பது எப்படி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. கீழே எழுதியிருப்பது ஹைட்ராலிக் சுத்தியல் மாட்டிய 60 டன் வகை கிராலர் ரிக்கை வைத்து. கிராலர் கிரேனுக்கும் முக்கால்வாசி பொருந்தும். எங்கே மாறுகிறது என்பதைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும். எந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்ஜினியரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அங்கங்கே இருக்கும்.

## அறிகுறி: ரிக் இப்போதே சாய்ந்து நிற்கிறது

இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. முதலில் ஆளை விலக்குங்கள். ரிக்கின் நெடுங்கம்பமான மாஸ்ட் 24 மீட்டர் உயரம் என்றால், அது விழக்கூடிய பக்கம் 24 மீட்டரும் அதற்குக் கொஞ்சம் கூடுதலுமான தூரத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது. அடுத்த ரிக்கில் வேலை செய்கிறவர்களும், சாலையும் அந்தக் கணக்கில் வரும்.

ஓட்டுநர் செய்யக்கூடியது ஒன்றுதான். சுத்தியலையும் தொங்குகிற பைலையும் மெதுவாகக் கீழே இறக்குவது. எடை கீழே வந்தால் சாய்வின் வேகம் குறையும். மேல்பகுதியைத் திருப்பக் கூடாது, டிராக்கை ஓட்டக் கூடாது. “கொஞ்சம் பின்னாடி எடுத்துப் பார்க்கிறேன்” என்ற ஆசையில்தான் நிறைய ரிக்குகள் படுத்திருக்கின்றன. நகரும்போது டிராக் கல்லைப் பின்னுக்குத் தள்ளும், இறங்கின பக்கம் இன்னும் குழியாகும்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், இரண்டு டிராக்குக்கும் நடுவே 3.5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 60 மி.மீ. இறங்கினால் போதும், ரிக் ஏறக்குறைய 1 டிகிரி சாய்ந்துவிடும். மாஸ்ட் உச்சி அப்போதே 40 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். மேலே போன எடை இறங்கின பக்கத்து டிராக்கை இன்னும் அழுத்தும், டிராக் இன்னும் இறங்கும். ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடும்.

சாய்ந்த ரிக்கை எக்ஸ்கவேட்டரால் முட்டுக் கொடுப்பதும், கயிறு கட்டி இழுப்பதும் நம் வேலையில்லை. ரிக் கொடுத்த கம்பெனியின் ஆளும் தூக்கும் வேலைக்குப் பொறுப்பான என்ஜினியரும் வரும்வரை காத்திருங்கள். கவிழ்ந்தே போனால், யாருக்கும் காயமில்லை என்றாலும் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபிக்கு அறிவித்தாக வேண்டும், இடத்தைக் கலைக்கக் கூடாது.

## அறிகுறி: ஓடும்போது ஒன்றுமில்லை, பைலைத் தூக்கித் திரும்பும்போது மட்டும் ஒரு டிராக் இறங்குகிறது

அதிகம் வரும் அறிகுறி இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஓட்டுநர் அறையில் உள்ள லெவல் குமிழி நேராக நிற்கும்போது நடுவில் இருக்கும். பைலைத் தூக்கி மூலைப் பக்கம் திருப்பினால் கோட்டைத் தாண்டும். பைலை இறக்கினால் பாதி திரும்பி வரும், பாதி வராது. அந்த வராத பாதிதான் நமக்குச் செய்தி.

முதலில் பார்க்க வேண்டியது: எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ரிக் கையேட்டின் முதல் பக்கத்தில் தரை அழுத்தம் என்று ஒரு எண் இருக்கும். 60 டன்னை இரண்டு டிராக்கின் முழுப் பரப்புக்கும் சமமாகப் பிரித்த சராசரி அது. டிராக் 0.8 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் நீளம் என்றால் அது 82 கிலோபாஸ்கல்தான் வரும். பார்க்கச் சாதுவான எண். ஆனால் பைலைத் தூக்கி மூலைக்குத் திருப்பும்போது எடையின் பெரும்பகுதி ஒரே டிராக்கின் ஒரு பகுதியில் உட்காரும். அப்போது உண்மையான அழுத்தம் 200 கிலோபாஸ்கலைத் தொடுவது சாதாரணம். ரிக் கம்பெனியிடம் “தூக்கும்போது, நகரும்போது, அடிக்கும்போது, ஒவ்வொரு கோணத்திலும் டிராக் அழுத்தம் என்ன, எவ்வளவு நீளத்தில்” என்று கேட்டால் தாள் தருவார்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள். இந்தச் சோதனைக்கு ஒரு மின்னஞ்சல்தான் செலவு.

இரண்டாவது: கல் தளம் உண்மையில் எத்தனை தடிமன். வரைபடத்தில் 600 மி.மீ. என்றிருக்கும். லோரி ரசீதைக் கூட்டினால் அதுவும் சரியாக வரும். ஆனால் முதல் அடுக்கு களிமண்ணுக்குள் புதைந்து போயிருக்கும். ரிக்கை விலக்கிவிட்டு, இறங்கின இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் பாருங்கள். கல்லின் சுவர் தெரியும்போது, எங்கே சுத்தமான கல் முடிந்து சேறு கலந்த கல் தொடங்குகிறது என்று டேப் வைத்து அளக்கவும். சேறு கலந்த பகுதியைத் தடிமனில் சேர்க்காதீர்கள். பிரிப்புத் துணி, அதாவது ஜியோடெக்ஸ்டைல், போட்டிருந்தால் கோடு கத்தியால் வெட்டினது போல் தெரியும். போடாத தளத்தில் அந்தக் கோடே இருக்காது. குழியை மூடும்போது அடுக்கு அடுக்காக இறுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் சோதனைக் குழியே அடுத்த பள்ளமாகிவிடும்.

மூன்றாவது: அது கல்லா, மண்ணா. ஒரு வாளி அள்ளி நீரில் கழுவிப் பாருங்கள். கூர்முனையுள்ள கிரஷர் ரன் என்றால் கழுவின பிறகும் பெரும்பகுதி மிஞ்சும், கையில் குத்தும். லெட்டரைட் செம்மண்ணைக் கொட்டியிருந்தால் வாளியில் சிவப்புத் தண்ணீரும் உருண்டைக் கற்களும்தான் மிஞ்சும். விலை குறைவு, பார்வைக்கு இறுக்கம், மழை பெய்தால் கூழ். உடைத்த கட்டடக் கழிவும் நன்றாக உடைத்துப் பிரித்தது என்றால் பரவாயில்லை. செங்கல்லும் பிளாஸ்டரும் கலந்தது என்றால் வேண்டாம்.

நான்காவது: கீழே களிமண் எவ்வளவு வலு. அதே குழியின் அடியில் ஒரு பிடி களிமண்ணை எடுங்கள். முஷ்டியை இறுக்கினால் விரலிடுக்கில் பிதுங்கி வருகிறதா? 20 கிலோபாஸ்கலுக்கும் கீழே. விரலால் சுலபமாக உருட்ட முடிகிறதா? 20க்கும் 40க்கும் இடையில். அழுத்தி உருட்ட வேண்டியிருந்தால் 40க்கு மேல். இது விரல் கணக்கு, முடிவுக்குப் போதாது. கையால் திருகும் வேன் கருவி வைத்து நான்கைந்து இடத்தில் அளந்தால் எண்ணே கிடைக்கும்.

இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தடிமன் போதுமா என்பது தெரியும். பிரிட்டனின் கட்டட ஆய்வு நிறுவனமான பிஆர்இ 2004இல் வெளியிட்ட பிஆர் 470 வழிகாட்டியின் கணக்கை நம் என்ஜினியர்களும் பயன்படுத்துகிறார்கள். டிராக் கல்லைக் குத்திக்கொண்டு களிமண்ணுக்குள் இறங்குவதைத்தான் அது பார்க்கிறது. கூர்மையான கல், ரிக் நின்று தூக்கும் நிலை, இவற்றுக்கு அது இப்படி வரும்:

```
D = √[ W(1.6q − 5.14·c·sc) / (γ·5.5·sp) ]
sc = 1 + 0.2W/L     sp = 1 + W/L
W=0.8  L=2.9  q=200  c=25  γ=20
D = 1.03 m
```

D தேவையான கல் தடிமன், W டிராக்கின் அகலம், L எடை உண்மையில் உட்காரும் நீளம், q அந்த இடத்து அழுத்தம், c களிமண்ணின் வலு, γ ஒரு கன மீட்டர் கல்லின் எடை கிலோநியூட்டனில். 5.5 கல்லின் தரத்தைக் காட்டும் எண், sc, sp இரண்டும் டிராக்கின் வடிவத்துக்கான திருத்தம். 1.6 என்பது பாதுகாப்புக் கணக்கு. நின்று தூக்கும்போது அல்லது நகரும்போது ஏதாவது ஆனால் ஓட்டுநரால் காப்பாற்ற முடியாது, அதனால் 1.6. பைலையோ கேசிங்கையோ உருவும்போது பிடியைத் தளர்த்தினால் எடை போய்விடும், அதற்கு 1.2 போதும்.

1.03 மீட்டர் தேவை, நம்மிடம் 600 மி.மீ. இருக்கிறது. அந்த 600 எவ்வளவு தாங்கும் என்று 1.6ஐ விட்டுவிட்டுத் திருப்பிப் போட்டால் 199 கிலோபாஸ்கல் வருகிறது. மேலே உட்காருவது 200. அதனால்தான் ரிக் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை, தூக்கித் திரும்பும்போது மட்டும் இறங்கியது. தளம் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது.

இனி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அதே 600 மி.மீ. குழியில் 450 ஆகத் தெரிந்தால் தாங்குவது 171க்கு விழும். தடிமன் 600 சரியாக இருந்து, கல் மட்டும் தரம் குறைந்து 5.5க்குப் பதில் 3.1 என்று எடுக்க வேண்டியிருந்தாலும் அதே 171தான். அந்தக் கல்லை வைத்தே சரிசெய்ய வேண்டுமென்றால் 1.03 மீட்டர் 1.37 மீட்டராகிவிடும். செம்மண்ணில் மிச்சம் பிடித்த காசு இங்கே போய்விடும். மாறாக, களிமண் 25 இல்லை, 40 என்று வேன் கருவி காட்டினால் 0.77 மீட்டர் போதும். ஆகவே கல் ஆர்டர் போடுவதற்கு முன்னே களிமண்ணை அளப்பதுதான் மலிவு.

சரிசெய்யும் வழிகளையும் மலிவிலிருந்து சொல்கிறேன். முதலில் ரிக்கின் வேலையை மாற்றலாம். பைலை ரிக்குக்கு மிக அருகில் போட்டுத் தூக்கினால், மூலைக்குத் திருப்பாமல் நேர்முன்னே தூக்கினால், q குறையும். ஓட்டுநர்கள் இதை விரும்பமாட்டார்கள், நேரம் கூடும். அடுத்து, கல்லைக் கூட்டலாம். ஆனால் 600 மேல் 200 போட்டு உருட்டினால் 800தான் ஆகும், 1.03 ஆகாது, கணக்கைப் பார்த்துப் போடுங்கள். ஜியோகிரிட் என்ற வலையைக் களிமண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே விரித்தால் தடிமன் கொஞ்சம் குறையும். ஏற்கெனவே கொட்டின கல்லின் மேல் விரிப்பதால் அதே பலன் கிடைக்காது. கல்லை வாரி எடுத்து, விரித்து, திரும்பக் கொட்ட வேண்டும். அது விலை கூடின வழி.

களிமண் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் இந்தக் கணக்கு எல்லையைத் தாண்டிவிட்டது. அது 20க்கும் 80க்கும் இடையில் உள்ள களிமண்ணுக்கு எழுதப்பட்டது. அங்கே நீங்களும் நானும் நிறுத்திக்கொள்ள வேண்டும். பதிவு பெற்ற என்ஜினியர் கையெழுத்திட்ட வடிவமைப்பு இல்லாமல் ரிக் மேலே ஏறக் கூடாது.

## அறிகுறி: மற்ற இடமெல்லாம் சரி, குறிப்பிட்ட ஒரு இடத்தில் மட்டும் இறங்குகிறது

தோட்ட நிலத்தில் இதற்கு முதல் சந்தேகம் பாரிட். செம்பனை வயலில் நீர் வடிய மரவரிசைகளுக்கு இடையில் சின்ன பாரிட் வெட்டியிருப்பார்கள், அவை பெரிய பாரிட்டில் போய்ச் சேரும். நிலத்தைத் தட்டையாக்குகிற குத்தகைக்காரருக்கு அதை மூடுவது ஒரு பிற்பகல் வேலை. மட்டை, தண்டு, வழித்த சேறு எல்லாவற்றையும் தள்ளி மூடிவிட்டு மேலே மண் பரப்பிவிடுவார். ஒரு வாரத்தில் எங்கே பாரிட் இருந்தது என்றே தெரியாது. கல் கொட்டின பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பந்திங் பக்கம் ஒரு கிடங்கு வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது பைல் வரிசையில் இடது டிராக்கின் முன்பகுதி இறங்கியது. கல் போட்டோம். அடுத்த வரிசையில் அதே மாதிரி இறங்கியது, ஆனால் வலது டிராக். இறங்கின இடங்களைப் பைல் வரைபடத்தில் பேனாவால் குறித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழுந்தன, வேலி பக்கம் சாய்ந்த கோடு. களிமண்ணுக்கு நேர்கோடு போடத் தெரியாது, அது மனிதர் வெட்டினது. காவலுக்கு இருந்த பெரியவர் அந்தத் தோட்டத்திலேயே பழம் வெட்டினவர். தாளைக் காட்டினதும் “தம்பி, அது அந்தக் காலத்துப் பாரிட்டு. மழைக்காலத்துல நாங்க பலகை போட்டுத்தான் தாண்டுவோம்” என்றார். வெட்டிப் பார்த்தோம். ஒரு மீட்டருக்குக் கீழே மட்டைகள் கறுத்துப்போய் அப்படியே படுத்திருந்தன, முட்டை அழுகின வாடை வந்தது. சுற்றியிருந்த களிமண் 25. அதற்குள் 12 இருந்தால் அதிகம்.

12 என்றால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. ஆனாலும் அளவு புரிவதற்குப் போட்டுப் பார்த்தால் 600 மி.மீ. தளம் அங்கே 128 கிலோபாஸ்கல்தான் தாங்கும். 200 உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சோதனை, செலவில்லாதது: இறங்கின இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். கோடாக வருகிறதா, சிதறி இருக்கிறதா? கூகள் எர்த்தில் பழைய வருஷப் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். தோட்டமாக இருந்த காலத்தில் பாரிட்டுகள் கறுப்புக் கோடாகத் தெரியும். பக்கத்துக் கடையில் தோட்டத்தில் வேலை செய்த யாரையாவது கேளுங்கள்.

சோதனை, கொஞ்சம் செலவு: ஜேகேஆர் புரோப். 5 கிலோ சுத்தியலை 280 மி.மீ. உயரத்திலிருந்து விட்டு, கூர்முனைக் கம்பி 300 மி.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவது. இதை வைத்துத் தடிமன் கணக்குப் போடாதீர்கள். மெலிந்த இடத்தைத் தேடுவதற்குத்தான் இது சரியான கருவி. கல் கொட்டுவதற்கு முன் செய்ய வேண்டும், கிரஷர் ரன்னை அந்தக் கம்பி துளைக்காது. மரவரிசை போன திசைக்குக் குறுக்காக நடந்து இரண்டு மீட்டருக்கு ஒன்று அடியுங்கள். வரிசையோடு சேர்ந்து நடந்தால் இரண்டு பாரிட்டுக்கு நடுவிலேயே போய் ஒன்றையும் காணாமல் திரும்புவீர்கள். பக்கத்தில் அடி எண்ணிக்கை இருக்க, ஒரு புள்ளியில் மட்டும் கம்பி தன் எடையிலேயே போனால் அங்கே சுண்ணாம்புக் கோடு போடுங்கள்.

சரிசெய்வது: மேலே கல் போடுவது இங்கே தீர்வே இல்லை. பாரிட் போகும் நீளம் முழுக்கத் தோண்டி, மட்டையையும் சேற்றையும் அள்ளி, இரண்டு பக்கமும் நல்ல களிமண் தெரியும்வரை எடுத்து, துணி விரித்து, பெரிய குவாரிக் கல்லும் அதன்மேல் கிரஷர் ரன்னும் அடுக்கி இறுக்க வேண்டும். தோண்டும்போது ரிக் அருகில் நிற்கக் கூடாது. திறந்த பள்ளம் தளத்தின் ஓரத்தையும் பலவீனப்படுத்தும். தண்ணீர் ஊறி வருகிறதா, 1.5 மீட்டருக்கு மேல் ஆழமா, பெரிய பாரிட்டா? அப்போது என்ஜினியர் வேலை.

தற்காலிகமாக ஒன்று உதவும். குறுகலான பாரிட்டின் மேல் ரிக் குறுக்காகக் கடந்தால், 4.5 மீட்டர் டிராக்கில் ஒரு மீட்டர்தான் அதன்மேல் நிற்கும். பாரிட்டோடு இணையாக ஓடினால் முழு டிராக்கும் அதன்மேல் உட்காரும். ஆகவே தோண்டும்வரை ரிக்கின் வழியை மாற்றுங்கள், அந்தக் கோட்டின் மேல் நின்று தூக்காதீர்கள். இரும்பு பிளேட் போட்டு மூடுவது பலருக்குப் பிடித்த வழி. 25 மி.மீ. பிளேட் இவ்வளவு எடைக்கு வளைந்து கொடுக்கும், எடையைக் கொஞ்சம்தான் பரப்பும். அதைவிடக் கெட்டது, கீழே பள்ளம் உண்டாவதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

## அறிகுறி: மழைக்குப் பிறகு கல்லுக்கு மேலே சேறு வருகிறது, ரிக் போனால் தரை அலை மாதிரி எழும்புகிறது

இவை இரண்டும் வெவ்வேறு. பிரித்துப் பாருங்கள்.

மேலே சேறு மட்டும் தெரிகிறது, தரை அசையவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதுதான். மண்வெட்டியால் மேல் 50 மி.மீ. வழித்துப் பாருங்கள், கீழே சுத்தமான கல் தெரிந்தால் வடிகால் வெட்டி, சரிவு கொடுத்து, மேலே ஒரு கை கல் பரப்பினால் போதும். லோரிச் சக்கரத்தில் வந்த சேறாகக்கூட இருக்கலாம்.

வழித்த இடத்தில் கல்லிடுக்குகளிலிருந்தே சாம்பல் நிறக் களி பிதுங்கி வருகிறது என்றால் அது கீழிருந்து வருகிறது. துணி இல்லை, அல்லது கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை டிராக் போகும்போதும் களி மேலே ஏறும், கல் கீழே போகும், தடிமன் தினமும் குறையும். இதற்கு மேல்பூச்சு இல்லை. அந்தப் பகுதியை எடுத்து, துணி போட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.

டிராக் அருகே தரை மேலே எழும்புகிறது, டிராக்குக்குப் பக்கத்தில் ஒரு வரப்பு போல உயர்கிறது என்றால் வேலையை நிறுத்துங்கள். களிமண் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது என்று அர்த்தம், குத்தி இறங்குவதற்கு முந்தைய கட்டம். கட்டும்போதே செய்த தப்பும் காரணமாக இருக்கலாம்: முதல் அடுக்கை அதிர்வு ரோலரால் உருட்டினால் களிமண்ணிலிருந்து தண்ணீர் மேலே இழுக்கப்பட்டு அது கூழாகிவிடும். முதல் அடுக்கை அதிர்வு இல்லாமல் உருட்ட வேண்டும், லோரியைக் களிமண்ணில் இறக்காமல் போட்ட கல்லின் மேலிருந்தே தள்ள வேண்டும். ஆனால் இப்போது அதை விசாரிப்பதில் பயனில்லை. ரிக்கை, அது பத்திரமாக நகர முடிந்தால், வந்த வழியே எடுத்துவிட்டு என்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: பைல் அடித்த இடத்தைக் கடக்கும்போது டிராக் தடாலென்று இறங்குகிறது

இது கல் தடிமன் பிரச்சினை இல்லை. பைல் தலை தளத்துக்குக் கீழே போக வேண்டுமென்று அதன்மேல் டாலி என்ற நீட்டுத் துண்டை வைத்து அடித்திருப்பார்கள். டாலியை உருவினதும் ஒரு குழி மிஞ்சும். யாரோ காலால் கல்லைத் தள்ளி வாயை மூடிவிட்டுப் போயிருப்பார்கள்; மேலே பார்க்கத் தட்டையாக இருக்கும், உள்ளே காலி. டாலி வெளியே வந்த உடனே கிரஷர் ரன் நிரப்பி, கம்பியால் குத்தி இறுக்கி, ஸ்பிரே பெயிண்ட் அடிப்பதை அந்தப் பைலின் வேலையிலேயே ஒரு பகுதியாக்குங்கள். நிரப்பாமல் ரிக் அடுத்த பைலுக்குப் போகக் கூடாது.

## அறிகுறி: தளத்தின் ஓரத்தில் நீளமாக வெடிப்பு

வெடிப்பு ஓரத்துக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஆமென்றால் ஓரம் வெளியே நழுவுகிறது. இரண்டு பக்கமும் ஒரு ஆணி அடித்து இடைவெளியைக் காலையிலும் மாலையிலும் அளந்தால் நின்றுவிட்டதா, விரிகிறதா என்று தெரியும்.

எளிய காரணம், கடைசிப் பைல் ஓரத்துக்கு மிக அருகில் இருப்பது. டிராக்கின் வெளிப்பக்கத்திலிருந்து தளத்தின் விளிம்புக்கு 2 மீட்டருக்குக் குறையாமல் இருக்கும்படி நான் எப்போதும் தளத்தை நீட்டச் சொல்வேன். நீட்டின பகுதியும் அதே தடிமனில் இருக்க வேண்டும், ஓரத்தில் கொட்டிவிட்ட சரிவு கணக்கில் வராது. விலையான காரணம், ஓரத்துக்கு வெளியே தண்ணீர் நிற்கும் பெரிய பாரிட் இருப்பது. மேலே சொன்ன குத்தி இறங்கும் கணக்கு இந்தச் சரிவைப் பார்ப்பதே இல்லை. கரை முழுக்க நழுவுமா என்று தனியே பார்க்க வேண்டும், அதை மண் என்ஜினியர்தான் செய்வார். பாரிட்டில் நீர்மட்டம் திடீரென்று இறங்கின நாளில் கூடுதல் கவனம் வேண்டும். கரையைத் தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் போய்விட்டது.

## அறிகுறி: பிளேட் டெஸ்ட் பாஸ், சான்றிதழ் இருக்கிறது, ஆனாலும் இறங்குகிறது

தளத்தின் மேல் வைத்து அழுத்தி டெஸ்ட் செய்த தட்டின் விட்டம் என்ன என்று பாருங்கள். 300 மி.மீ. தட்டு தன் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம்வரைதான் தெரிந்துகொள்ளும். 600 மி.மீ. கல்லின் மேல் அதை வைத்தால் அது கல்லைத்தான் சோதித்திருக்கிறது. களிமண் அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது. டிராக் 0.8 மீட்டர் அகலம், அதற்குத் தெரியும். அந்தத் தாளை வைத்து “கல் நன்றாக இறுகியிருக்கிறது” என்பதை மட்டும் நம்பலாம்.

## அறிகுறி: ரிக் வாரக்கணக்காக நன்றாக ஓடியது, கிராலர் கிரேன் வந்த அன்றே இறங்கியது

தளம் ரிக்குக்காகக் கணக்குப் போட்டது. கிரேனின் டிராக் அகலம் வேறு, நீளம் வேறு, தூக்கும் எடையும் எட்டும் தூரமும் வேறு. பூமை நீட்டிப் பக்கவாட்டில் தூக்கும்போது ஒரு டிராக்கின் ஓரத்தில் ரிக்கைவிடப் பெரிய அழுத்தம் வரலாம். பைல் கட்டை இறக்க மட்டும் வந்த சின்ன கிரேன் என்றாலும் அதன் தாளைக் கேட்டு, அதே W, L, q எண்களை மாற்றிக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

சக்கரக் கிரேன் என்றால் அவுட்ரிகர் கால் ஒரு சின்ன சதுரத்தில் எல்லாவற்றையும் இறக்கும். அதற்கு டிராக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். ஒவ்வொரு காலுக்கும் கீழே மரக்கட்டை மேட் வைத்து, அந்த மேட்டின் அளவுக்கு என்ஜினியர் தனியாகப் பார்க்க வேண்டும். தளத்தின் அனுமதித் தாளில் எந்த இயந்திரம் என்ற பெயரும், எந்தப் பகுதி என்ற கோடும் இல்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். சோதனைக் குழி, தண்ணீர்க் குழாய், மின்கேபிள் என்று யார் தளத்தை வெட்டினாலும், மூடி இறுக்கி, அந்தத் தாளில் திரும்பக் கையெழுத்து வாங்கும்வரை அந்த இடத்தைச் சங்கிலி கட்டி வையுங்கள்.